ஆடி பதினெட்டும் ஆஃபர் லெட்டரும்

"வேலையை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் சில வாரம் கழித்து வந்து சேர்கிறேன்" என்று எழுதும் மெயில், பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு முகூர்த்தத்தை மட்டும் தள்ளிவைக்கச் சொல்லும் மாப்பிள்ளை வீட்டார் பேச்சு மாதிரி. சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்வார். கேட்கிறவர் மனசில் மட்டும் "வேற இடமும் பார்த்துட்டிருக்காங்களோ?" என்று ஒரு பல்லி கத்தும்.

நாற்பத்தேழு வயதில் நானும் அப்படி ஒரு மெயில் எழுத வேண்டிவந்தது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே என் கையெழுத்து இல்லாமல் பத்து ரூபாய் செக்கூட வெளியே போகாது. வீட்டில் நிலைமை வேறு. ரேஷன் கார்டில் முதல் பெயர் என்னுடையதுதான், அதோடு சரி. எனவே 2023 மே 15, திங்கட்கிழமை ஒரு வால்வு கம்பெனியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தபோது அதைத் திறந்தது நான், படித்தது என் மகள், தீர்ப்பு சொன்னது என் அம்மா.

ஜூலை 17, திங்கட்கிழமை வந்து சேர வேண்டும் என்று லெட்டரில் இருந்தது. அம்மா கண்ணாடியைக் கூடப் போடவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரில் தாளைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஆடி ஒண்ணு. அன்னைக்குப் போய் யாராச்சும் புது வேலையில சேருவாங்களா கண்ணு? ஆவணி பொறக்கட்டும்."

ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 18. கம்பெனி சொன்ன தேதியிலிருந்து ஒரு மாதத்துக்கும் மேல். போதாக்குறைக்கு அந்த வருட ஆடியில் அமாவாசையும் இரண்டு. முதல் தேதியே ஒன்று, முடியப்போகும் நேரத்தில் இன்னொன்று. இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட மாதம் என்பது அம்மாவின் கணிப்பு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சமையலறையிலிருந்து "ஏனுங்க" என்று ஒரு குரல் வந்தது. என் பகுத்தறிவு அந்த ஒற்றைச் சொல்லைத் தாண்டிப் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை.

புதன்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். லெட்டர் வந்த அன்று இரவே உட்கார்ந்து எழுதினேன். கணக்கு எழுதிப் பழகிய கை மெயில் எழுதினால் எப்படி இருக்கும்? முதல் பத்தியில் வந்தனம். இரண்டாவதில் என் இருபத்திரண்டு வருட அனுபவம், அவர்கள் ஏற்கெனவே பார்த்துத்தானே வேலை கொடுத்தார்கள் என்பதைக்கூட யோசிக்காமல். மூன்றாவதில் குடும்ப சூழ்நிலை. நான்காவது பத்தியில்தான் விஷயத்துக்கு வந்தேன்: "தாங்கள் சேரும் தேதியை ஆகஸ்ட் 18-க்கு மாற்றித் தரும் பட்சத்தில், இந்தப் பணியை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்வேன்."

மறுநாள் மாமனாரிடம் காட்டினேன். அவர் முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலை நேரக் கல்லூரியில் சட்டம் சேர்ந்து பாதியில் விட்டவர். முழுக்கப் படித்த வக்கீல்களைவிட இந்தப் பாதிப் படிப்புக்காரர்களுக்கு ஞாபகம் அதிகம். கடைசி வரிக்கு வந்ததும் கடிதத்தை மடியில் வைத்தார்.

"மாப்ள, இது வேலையை ஏத்துக்கிற லெட்டர் இல்லீங்க. வேலையை வேண்டாம்ங்கிற லெட்டர்."

"நான் மகிழ்ச்சியுடன்னு போட்டிருக்கேனுங்களே மாமா."

"மகிழ்ச்சி இருக்குது. கூடவே 'பட்சத்தில்'னு ஒண்ணு இருக்குதே."

1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், ஏழாம் பிரிவு என்று ஆரம்பித்தார். ஒருவர் வைக்கும் பேச்சை மற்றவர் ஏற்றால், அது முழுசாக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும். நிபந்தனை சேர்த்தால் அது ஏற்பு ஆகாது. நீங்கள் புதுசாக ஒரு பேச்சை எதிர்ப்பக்கம் வைத்ததாக அர்த்தம். பழைய பேச்சு அத்தோடு செத்துப்போகும்.

"இங்கிலாந்துல 1840-ல ஒரு கேஸ்ங்க. ரெஞ்ச்ங்கறவர் தன் பண்ணையை ஆயிரம் பவுனுக்குத் தர்றேன்னார். ஹைடுங்கறவர் 950-க்குக் கேட்டார். முடியாதுன்னதும், சரி ஆயிரமே தர்றேன்னு வந்தார். ரெஞ்ச் மாட்டேன்னுட்டார். கோர்ட்டுக்குப் போனா, 950-ன்னு கேட்ட அன்னைக்கே ஆயிரம் ரூவாப் பேச்சு செத்துப்போச்சு, ஹைடுக்கு ஒண்ணும் கிடையாதுன்னு தீர்ப்பு."

பவுனை ரூபாயாக்கியது மாமனார். எனக்கு வயிறு கலங்கியது. ஆகஸ்ட் 18-க்கு அவர்கள் முடியாது என்று சொல்லி, நான் ஜூலை 17-க்கே வருகிறேன் என்று ஓடினால் ஹைடு கதைதான்.

"அப்ப தேதியே கேக்கக் கூடாதுங்களா?"

"கேக்கலாம். கேக்கற விதம் இருக்குது. 1880-ல இன்னொரு கேஸ். இரும்பு வியாபாரம். டன்னு நாப்பது ஷில்லிங், ரொக்கம்னு ஒருத்தர் சொன்னார். வாங்கறவர் தந்தி அடிச்சார். நாப்பதுக்கே ரெண்டு மாசத்துல எடுத்துக்கறதுக்கு ஒத்துக்குவீங்களா, இல்லேன்னா அதிகபட்சம் எத்தனை நாள் தருவீங்கன்னு. வித்தவர் இதை மறுப்புன்னு எடுத்துக்கிட்டு வேற ஆளுக்கு வித்துட்டார். கோர்ட் என்ன சொல்லுச்சு தெரியுங்களா? அவன் மறுக்கல, நிபந்தனை போடல, சும்மா விசாரிச்சான், பழைய பேச்சு உசுரோடதான் இருக்குதுன்னு வாங்கினவன் பக்கம் தீர்ப்பு."

ஸ்டீவன்சன், மக்லீன் என்று இரண்டு பெயரும் சொன்னார். நாற்பது வருட இடைவெளியில் நடந்த இரண்டு வழக்குக்கும் நடுவே நான் சிக்கியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. என் கடிதம் ஹைடு மாதிரி இருந்தது. அதை இரும்பு வியாபாரி மாதிரி மாற்ற வேண்டும். அதாவது, முதல் வாக்கியத்தில் ஆமாம் என்று சொல்லி முற்றுப்புள்ளி வைத்துவிட வேண்டும். சம்பளம், பதவி, சேரும் தேதி உட்பட எல்லாவற்றுக்கும் ஆமாம். அதற்கப்புறம் தனிப் பத்தியில், தேதியை மாற்ற முடியுமா என்று ஒரு விசாரணை. இரண்டுக்கும் நடுவில் "ஆனால்", "பட்சத்தில்", "என்றால் மட்டும்" என்று எந்தப் பாலமும் கட்டக் கூடாது.

கோர்ட்டுக்கு யார் போகப்போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அதற்குப் பதில் பெங்களூரிலிருந்து வந்தது. என் மச்சினன் அங்கே ஆள் எடுக்கும் வேலையில்தான் இருக்கிறான். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்தோம்.

"மாமா, நாங்க சட்டமெல்லாம் பாக்கறதில்ல. ஆஃபர் வாங்கினவங்கள்ல நிறையப் பேரு கடைசி நாள்ல வராமப் போறாங்க. எங்க லெட்டரைக் காட்டி வேற கம்பெனியில சம்பளம் ஏத்திக்கறாங்க. அப்படிப் போறவங்க முதல்ல செய்யறது என்னன்னா, தேதியைத் தள்ளுறதுதான். அதனால தள்ளிவைங்கன்னு மெயில் வந்தா ரெண்டாவது ஆளோட ஃபைலை எடுத்து மேல வைப்போம்."

"நான் அப்படிப்பட்ட ஆள் இல்லையே?"

"அது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியற மாதிரி எழுதுங்க. கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டரைக் கூடவே அனுப்புங்க. அதை வச்சுட்டு அப்புறம் தேதி கேட்டா நம்புவோம். ஒரே ஒரு தேதி கேளுங்க. ரெண்டு மூணு வாரம்னு பொதுவா எழுதினா, நீங்க இன்னும் முடிவு பண்ணலன்னு அர்த்தம். ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. நாலு காரணம் எழுதினா நாலும் பொய்."

என் மூன்றாவது பத்தியில் நாலு காரணம் இருந்தது. அம்மாவின் சர்க்கரை, மகளின் கல்லூரி அட்மிஷன், வீட்டுக்கு வெள்ளை அடிப்பது, குலதெய்வம் கோவில். அத்தனையும் நிஜம். சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கே சந்தேகமாக இருந்தது. என் அலுவலகத்தில் ஒருவர் இதே மாதிரி ஒரு மெயிலில் பாட்டி இறந்துவிட்டதாக எழுதினார். சேர்ந்த பிறகு, நலம் விரும்பிகள் விசாரிக்கும்போதெல்லாம் திதி எப்போது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளவே தனி டைரி போட வேண்டியதாயிற்று. பாட்டி இன்னும் பொள்ளாச்சியில் சௌக்கியம்.

ஆடி மாதம் என்று எழுதலாமா? அது நிஜமான காரணம், ஒரே காரணம். ஆனால் வால்வு கம்பெனிக்கு மாதப் பிறப்பைப் பற்றி மெயில் எழுத எனக்குக் கூச்சம். நம்பிக்கையில்லாதவன் நம்பிக்கையுள்ளவர்கள் சார்பில் வாதாடுவதில் உள்ள அசௌகரியம் அது.

காப்பாற்றியது கணக்கு. என் வேலையில் ராஜினாமா கொடுத்தால் அறுபது நாள் நோட்டீஸ். கம்பெனி எப்படி ஜூலை 17-க்கு வந்தார்கள் என்று விரல் விட்டு எண்ணினேன். லெட்டர் வந்த மே 15 அன்றே நான் ராஜினாமா கொடுத்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார்கள். மறுநாள் முதல் அறுபது எண்ணினால் ஜூலை 14, வெள்ளி. சனி, ஞாயிறு விட்டுத் திங்கள் 17. காகிதத்தில் சுத்தமான கணக்கு. ஆனால் ஆஃபர் லெட்டரைப் படித்து, மாமனார் சட்டம் சொல்லி, பதில் அனுப்பி, அவர்கள் ஒத்துக்கொண்டு, அதை எழுத்தில் வாங்கிய பிறகுதானே எவனும் ராஜினாமா கொடுப்பான்? எப்படிப் பார்த்தாலும் அது வெள்ளிக்கிழமை, மே 19. அங்கிருந்து அறுபது நாள் என்றால் ஜூலை 18, செவ்வாய். அதாவது, அவர்கள் சேரச் சொன்ன தேதியில் நான் பழைய கம்பெனியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம், ஆண்டுக் கணக்கில் ஒரு ரூபாய் வித்தியாசம் தீர்ந்தபோதுகூட வந்ததில்லை. இது வெறும் சாக்கும் இல்லை. இரண்டு கம்பெனியிலும் ஒரே நாளில் வேலை பார்த்ததாகப் பதிவானால் பி.எஃப். கணக்கில் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். பின்னால் பழைய பி.எஃப். பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்ற விண்ணப்பித்தால் அப்போதெல்லாம் அந்த ஒரு காரணத்துக்கே திருப்பி அனுப்பிவந்தார்கள். விலகிய தேதியைப் பழைய கம்பெனிதான் ஏற்ற வேண்டும். அவர்கள் ஏற்றாவிட்டால் நாமே ஏற்றலாம், ஆனால் அதற்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். சேருகிற அன்றைக்குப் புதுக் கம்பெனி கேட்கும் ரிலீவிங் லெட்டர் வேறு இருக்கிறது. எங்கள் கம்பெனியில் கடைசி நாளிலிருந்து பத்து நாள் ஆகும் என்பது வழக்கம். அந்த லெட்டர்களில் கையெழுத்துப் போட்டுத் தாமதப்படுத்தியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இது எனக்கு உறுதியாகத் தெரியும்.

ஜூலை 18-உடன் பத்து நாள் சேர்த்தால் ஜூலை 28. ஆகஸ்ட் 18 கேட்க இந்தக் காரணம் நீளாது. அம்மாவிடம் போய் நின்றேன். ஆவணி முடியாது என்றேன். அவள் மறுபடி காலண்டர் தாளைத் தூக்கினாள். ஒரு தாளில் விரலை வைத்தாள். ஆகஸ்ட் 3, வியாழக்கிழமை. ஆடி பதினெட்டு.

"பெருக்கு அன்னைக்கு எது ஆரம்பிச்சாலும் பெருகும். ஆடியில அந்த ஒரு நாள் தோசமில்ல. மத்தியானம் ஒண்ணரைக்குள்ள கையெழுத்துப் போட்டுரு, அதுக்கு மேல ராகுகாலம்."

வீடு ஒருமனதாக நிறைவேற்றியது. அப்போதுதான் என் மனைவி பேனாவை எடுத்தாள். எங்கள் வீட்டில் தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் நிதித்துறை கருத்துச் சொல்லும்.

"ஜூலை 18-ல இருந்து ஆகஸ்ட் 3 வரைக்கும் சம்பளம் யாருங்க தருவாங்க?"

யாரும் தர மாட்டார்கள். ஜூலையில் வேலை பார்த்த பதினெட்டு நாள் சம்பளத்தைப் பழைய கம்பெனி கடைசிக் கணக்கோடு சேர்த்துத்தான் கொடுக்கும், அது வர நாற்பத்தைந்து நாள் ஆகும். புதுக் கம்பெனியின் முதல் சம்பளம் ஆகஸ்ட் 31. வீட்டுக் கடன் தவணை ஆகஸ்ட் 5 அன்று வங்கியிலிருந்து தானாகப் போகும். ஜூன் சம்பளம் ஜூன் முப்பதில் வந்தால், அதை வைத்து இரண்டு மாதம் ஓட்ட வேண்டும். இன்னொன்றும் கேட்டாள். கம்பெனி எடுத்துக் கொடுத்திருக்கும் மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு நின்றுவிடும், புதுசு சேர்ந்த நாளில்தான் ஆரம்பிக்கும். நடுவில்?

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

"எனக்கு ஒண்ணும் வராது கண்ணு" என்றாள் அம்மா, ஆடிக்கு உத்தரவாதம் கொடுத்த அதே தைரியத்தோடு. என் மனைவி அந்த உத்தரவாதத்தை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 5 தவணைப் பணத்தையும் ஆஸ்பத்திரிக்கு ஒரு தொகையையும் நகைச் சீட்டுப் பணத்திலிருந்து ஒதுக்கினாள். நல்ல நாளுக்கும் விலை உண்டு என்று எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது. தேதியைத் தள்ளக் கேட்பவர்கள் பலர் இந்தக் கணக்கைப் போடாமல் மெயிலை மட்டும் அழகாக எழுதிவிடுகிறார்கள்.

புதன் காலை கடைசி வடிவம் தயாரானது. ஆங்கிலத்தில்தான் போனது. அதில் இருந்தது இவ்வளவுதான்:

"மே 15 தேதியிட்ட தங்கள் ஆஃபர் லெட்டர் கிடைத்தது. அதிலுள்ள எல்லா விவரங்களையும் ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்திட்ட பிரதியை இணைத்துள்ளேன்.

ஒரு வேண்டுகோள். எனக்கு அறுபது நாள் நோட்டீஸ் உண்டு. மே 19 அன்று ராஜினாமா கொடுத்தால் கடைசி வேலைநாள் ஜூலை 18 ஆகிறது. ரிலீவிங் லெட்டர் அதிலிருந்து பத்து நாளில் கிடைக்கும். எனவே சேரும் தேதியை ஆகஸ்ட் 3, வியாழக்கிழமைக்கு மாற்றித் தர முடியுமா? அது சிரமம் என்றால் சொல்லுங்கள். முன்னதாக விலகிக்கொள்ள இங்கே அனுமதி கேட்டு, ஜூலை 17-க்கே வரப் பார்க்கிறேன். ராஜினாமா ஏற்கப்பட்ட கடிதம் கிடைத்ததும் உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்."

அந்தக் கடைசி வரிகள் மச்சினனின் யோசனை. "முடியாதுன்னா என்ன செய்வீங்கன்னு நீங்களே சொல்லிட்டா, அவங்களுக்கு உங்க மேல கோபம் வராது மாமா" என்றான். என் இருபத்திரண்டு வருட அனுபவம், வெள்ளை அடிப்பது, குலதெய்வம் எல்லாம் போய்விட்டன. அனுப்புகிற பொத்தானை மகள்தான் அழுத்தினாள். என்னிடம் விட்டால் இன்னொரு வந்தனம் சேர்ப்பேன் என்று பயம்.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. ஹெச்.ஆரில் ஒரு பெண். குரலில் இருபத்தைந்து வயதிருக்கும்.

"சார், மெயில் பார்த்தேனுங்க. வேற ஆஃபர் ஏதும் கையில இருக்குங்களா?"

முதலில் சொன்ன அதே பல்லி. இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கேனே என்றேன்.

"அதனாலதான் கேட்டுக் கன்ஃபர்ம் பண்ணிக்கறேன். ஜூலை 31 திங்கட்கிழமை புது ஆளுங்களுக்கு அறிமுக நிகழ்ச்சி இருக்குதுங்க. மூணு நாள் முன்னாடி வந்தா அதுலயே சேர்த்துருவோம். பத்து நாள் கணக்கும் 28-லயே முடியுதுங்களே?"

என் கணக்கை என் மீதே திருப்பிவிட்டாள். ஜூலை 31-ஐ மறுக்க என் மெயிலில் ஒரு காரணமும் இல்லை. ஒரு கணம் பொள்ளாச்சிப் பாட்டி ஞாபகத்துக்கு வந்தாள். கூடத்தில் அம்மா காலண்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் "அதுங்க… வந்துங்க…" என்றேன்.

மறுமுனையில் சின்னச் சிரிப்பு.

"ஆடிங்களா சார்?"

எனக்கு முகம் சிவந்தது. நல்லவேளை, வீடியோ கால் இல்லை.

"ஆகஸ்ட் 3-ன்னு பார்த்தப்பவே நினைச்சேனுங்க. வருசா வருசம் இந்தத் தேதியை நாலு பேராச்சும் கேப்பாங்க. எல்லாரும் வேற காரணம்தான் எழுதுவாங்க. எங்க அம்மாவும் அப்படித்தானுங்க. பெருக்கு அன்னைக்கே வந்துருங்க, அறிமுகத்தை அடுத்த திங்கட்கிழமை வச்சுக்கலாம்."

இரண்டு நாளாக ஒரு குடும்பமே மூடி மறைத்த ரகசியம் அந்தப் பெண்ணுக்குத் தேதியைப் பார்த்த உடனே தெரிந்திருக்கிறது. ஜூலை 18-ஐயும் ரிலீவிங் லெட்டரையும் அவள் கணக்கில் எடுத்துக்கொண்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எடுத்துக்கொண்டிருப்பாள். மேலதிகாரிக்குக் காட்ட அவளுக்கும் ஒரு காரணம் வேண்டுமே.

வெற்றி என்று கூடத்துக்கு வந்தேன். வீட்டில் பாயசத்துக்குப் பால் வைத்தார்கள். மாமனார் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"போன்ல சொன்னாங்களா, எழுத்துல வந்துச்சுங்களா?"

போனில்தான்.

"ஆஃபர் லெட்டர்ல நாலாவது பாராவைப் படிங்க மாப்ள."

ஜூலை 17-க்குள் வந்து சேராவிட்டால் இந்த ஆஃபர் தானாகவே ரத்தாகும் என்று அங்கே இருந்தது. போனில் சிரித்த பெண் அடுத்த வாரமே வேலையை விட்டுப் போகலாம், அவள் இடத்துக்கு வருபவர் ஃபைலில் உள்ள தேதியைத்தான் பார்ப்பார். வியாழக்கிழமை காலை, பேசியதைக் குறிப்பிட்டு இரண்டு வரியில் ஒரு மெயில் போட்டேன். சாயங்காலம் புதுத் தேதியோடு திருத்திய ஆஃபர் லெட்டர் வந்தது. அதன் பிறகுதான் பாயசம் இறங்கியது. வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு முன்னால், ராகுகாலம் தொடங்குவதற்குள், ராஜினாமாவைக் கொடுத்தேன்.

இந்த மாதிரி மெயில் எழுத உட்கார்ந்திருக்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தேதி மாறியது எழுத்தில் உங்கள் கைக்கு வரும்வரை பழைய வேலைக்கு ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள். ஆகஸ்ட் 5 தவணைக்குப் பணத்தையும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். ஆடிப்பெருக்கு என்றால் அதையே எழுதிவிடுங்கள், ஹெச்.ஆருக்கு எப்படியும் தெரிந்துவிடும்.